"கூலி உயரவில்லை": பின்னணி இசையைத் தேர்வதும் குரலுக்குக் கீழே தானாக இறக்குவதும்

தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி நான்கு நிமிட ஒலிச்சித்திரம் ஒன்று செய்திருந்தேன். குரல் என்னுடையது, இசை இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. முடித்ததும் சித்தி மகனிடம் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "நல்லாருக்குண்ணே. ஆனா அந்த வருசம் கூலி உயர்ந்துச்சா, இல்லையா?" என்றான்.

எழுதி வைத்திருந்த வரி இதுதான்: "அந்த ஆண்டு மழை முந்தி வந்தது. கூலி உயரவில்லை." அவன் காதில் விழுந்தது "கூலி உயர" வரைக்கும்தான். மிச்சத்தை இசை விழுங்கிவிட்டது.

இது தமிழில் பேசுகிறவர்களுக்கு அடிக்கடி நேரக்கூடியது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா என்பது அந்த வினையின் வாலில் இருக்கிறது. வாசிக்கும் குரலோ வாக்கியம் முடியும் இடத்தில்தான் தணிகிறது. குரல் தணிந்ததும் இசையை மேலே தூக்குவது தானியங்கி முறையின் வேலை. ஆக, பொருளைத் தீர்மானிக்கும் அசையின் மேலேயே இசை ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைத் தடுப்பது பற்றியது. அதற்கு முன், என்ன இசையைப் போடுவது என்ற கேள்வி இருக்கிறது. தவறான இசையை எவ்வளவு இறக்கினாலும் அது இடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இசையைத் தேர்வது

இசைத் தளத்தைத் திறப்பதற்கு முன் எழுதிய உரையைத் திறந்து வையுங்கள். அதைப் பகுதிகளாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள். அது அந்தப் பகுதி எதைப் பற்றியது என்பதைச் சொல்லும் சொல்லாக இருக்கக் கூடாது. கேட்பவர் அந்த நேரத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். என் உரையின் முதல் பகுதி, விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் உப்பளத்துக்கு நடந்து போகிறவர்களைப் பற்றியது. அதற்குப் பக்கத்தில் "அமைதி" என்று எழுதினேன். இரண்டாவது, வெயிலில் பாத்திகளில் உப்பு வாருவது. அதற்கு "சோர்வு". மூன்றாவது, மழை வந்து உற்பத்தி நின்று வேலை இல்லாத மாதங்கள். அங்கே முதலில் "சோகம்" என்றுதான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு "காத்திருப்பு" என்று மாற்றினேன். இந்த மாற்றம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் தேர்வையே அது மாற்றிவிட்டது. சோகம் என்று தேடினால் அழும் வயலின்தான் வரும். காத்திருப்பு என்று நினைத்துக் கேட்டால், ஒரே சுரத்தில் நின்று மெல்ல நகரும் இசைதான் பொருந்தும் என்று புரிகிறது.

நம் காதுக்குச் சில கருவிகளும் ராகங்களும் ஏற்கெனவே பொருள் கொண்டவை. நாதஸ்வரம் ஒலித்தால் கல்யாணமோ கோயிலோ கண்ணுக்குள் வந்துவிடும். பறையும் உறுமியும் திருவிழாவுக்கோ சாவு வீட்டுக்கோ கூட்டிப் போகும். பூபாளம் என்றால் விடியல், நீலாம்பரி என்றால் தாலாட்டு, முகாரியும் சுபபந்துவராளியும் என்றால் துக்கம். ராகத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் திரைப்பாட்டு வழியாக இந்தப் பழக்கம் உண்டு. வேறு நாட்டவர் தயாரித்த இசைத் தொகுப்பில் "இந்தியன்" என்ற வகையில் கிடைப்பதை எடுத்துப் போடும்போது இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு அது வெறும் "கிழக்கத்திய" ஓசை. உங்கள் ஊர்க்காரருக்கோ அது ஒரு குறிப்பிட்ட சடங்காகக் கேட்கலாம்.

அடுத்தது, குரலோடு மோதாத இசை. நான் மூன்று துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று புல்லாங்குழல். தனியாகக் கேட்டால் அவ்வளவு அழகு. இரண்டாவது, கிட்டார் தட்டலும் டிரம்மும் சேர்ந்த, பயணக் காணொளிகளில் வரும் வகை. மூன்றாவது, கீழ் சுரத்தில் நீளமாக இழைக்கும் தந்தி ஒலியும், எப்போதாவது விழும் ஒரு மீட்டலும். மூன்றையும் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, அதன் மேல் என் உரையின் அதே பத்தியை வாய்விட்டு வாசித்தேன். இந்தச் சோதனைக்குக் கணினிகூட வேண்டாம், கைப்பேசியில் இசையைப் போட்டுவிட்டு வாசித்தால் போதும்.

புல்லாங்குழல் உடனே அடிபட்டது. அது பாடுவதும் நாம் பேசுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நடக்கின்றன. இசையில் மெட்டு இருந்தால் காது அதன் பின்னே போய்விடுகிறது, கமகம் நிறைந்த தனி வாசிப்பு என்றால் கேட்கவே வேண்டாம். டிரம் இருந்த துண்டில் வேறு சிக்கல். சீரான அடி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது என் வாசிப்பு அதோடு சேராமல் தடுக்கி விழுவதுபோல் கேட்டது. என்னை அறியாமல் தாளத்துக்கு ஏற்ப வாசிக்கவும் ஆரம்பித்தேன், அது இன்னும் மோசம். மூன்றாவது, தனியாகக் கேட்டால் சலிப்பூட்டும். குரலுக்குக் கீழே வைத்ததும் சரியாக உட்கார்ந்தது. பின்னணிக்கான இசை தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

இன்னொரு தகுதியையும் பாருங்கள். இசைத் துண்டின் அலைவடிவம் முதலிலிருந்து கடைசி வரை ஏறத்தாழ ஒரே தடிமனில் இருக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கி நடுவில் பொங்கி எழும் இசை வேண்டாம். ஏன் என்பது இறக்கும் இடத்துக்கு வரும்போது புரியும். பாடகர் குரல் உள்ள எதுவும், வெறும் ஆலாபனையாக இருந்தாலும், பேச்சுக்குக் கீழே வேண்டாம்.

உரிமை விஷயத்தில் ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிட்டு நகர்கிறேன். தியாகராஜர் 1847இல் மறைந்தார், அதனால் அவருடைய கிருதிகளுக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் அதை இன்றைய கலைஞர் ஒருவர் வாசித்த ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த இசை என்றால் உரிமப் பெயரில் `ND` என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது என்பது அதன் பொருள். இசையைக் காணொளியின் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்ப்பதையும் அந்த உரிமம் மாற்றம் என்றே கணக்கில் கொள்கிறது. அதனால் காணொளிக்கு அந்த வகை ஆகாது.

எவ்வளவு இறக்குவது

இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான `WCAG` என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. 2008இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், பேச்சுக்குப் பின்னால் ஒலிப்பவை பேச்சைவிட 20 டெசிபலாவது குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. காது சற்று மந்தமானவர்களையும் மனதில் வைத்துப் போட்ட அளவு அது. 20 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறத்தாழ கால்வாசி ஒலியாகக் கேட்கும். பலர் 12, 15 என்று வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். ஹெட்போனில் கேட்கும்போது அது போதும்போலத் தோன்றும். பேருந்தில், கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்பவருக்குப் போதாது. நான் 20ஐப் பிடித்துக்கொள்கிறேன்.

அந்த இருபதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது வசதி. குரல் இல்லாத இடத்தில் இசை குரலைவிட 8 குறைவாக ஒலிக்கட்டும். குரல் வந்ததும் இன்னும் 12 இறங்கட்டும். முதல் எட்டு நிலையானது, பின்னுள்ள பன்னிரண்டு தானாக நடப்பது. இந்தத் தானியங்கி இறக்கத்தை ஒலித்துறையில் டக்கிங் என்பார்கள். வாத்து தலையை அமிழ்த்துவது போல என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஆடாசிட்டியில் செய்வது

இலவசமாகக் கிடைப்பதாலும் எல்லாக் கணினிகளிலும் ஓடுவதாலும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். பட்டியல் பெயர்கள் 3.x வரிசைப் பதிப்புகளுக்கானவை.

முதலில் குரலைச் சுத்தம் செய்து முடித்துவிடுங்கள். இருமல், தாள் புரட்டும் ஓசை, நாற்காலி கிரீச்சிடுவது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Ctrl+L` அழுத்தி மௌனமாக்குங்கள். இது வெறும் அழகுக்காக இல்லை. இசையை இறக்கும் கருவிக்குப் பேச்சுக்கும் இருமலுக்கும் வித்தியாசம் தெரியாது. யாரும் பேசாத இடத்தில் இசை திடீரென்று பம்மி எழுந்தால், அங்கே ஒரு இருமலோ கதவோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஒலி அளவு. குரல் டிராக்கைத் தேர்ந்தெடுத்து `Effect > Volume and Compression > Loudness Normalization` போய் `-16` LUFS என்று கொடுங்கள். LUFS என்பது காது உணரும் ஒலி அளவுக்கான அலகு, அதில் ஒன்று கூடினால் ஒரு டெசிபல் கூடுகிறது. ஒற்றைத் தடக் குரல் என்றால் `Treat mono as dual-mono` என்ற பெட்டி டிக் ஆகியிருக்கட்டும். முடித்ததும் `View > Show Clipping` போட்டுப் பாருங்கள், சிவப்புக் கோடுகள் தெரிந்தால் குரலின் உச்சங்கள் தலையில் இடிக்கின்றன. திரும்பி வந்து `Limiter` ஒரு முறை போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். பிறகு இசை டிராக்கை அதே கருவியில் `-24` ஆக்குங்கள். இதோ அந்த எட்டு டெசிபல் வித்தியாசம்.

இப்போது டிராக்குகளின் வரிசை. இசை மேலே, அதற்கு நேர் கீழே குரல். மேலே உள்ளதை இறக்க வேண்டும் என்பதைக் கீழே உள்ளதைப் பார்த்துத்தான் இந்தக் கருவி முடிவு செய்கிறது. தலைப்புப் பகுதியைச் சொடுக்கி இசை டிராக்கை மட்டும் தேர்ந்தெடுங்கள், குரல் தேர்வாகக் கூடாது. மாறிப் போனால் `Auto Duck needs a control track which must be placed below the selected track(s).` என்று ஒரு செய்தி வரும். அதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், வரிசையோ தேர்வோ தவறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு `Effect > Volume and Compression > Auto Duck`. இது இசையின் அலைவடிவத்தையே மாற்றி எழுதிவிடும், பின்னால் வந்து ஒரு குமிழைத் திருப்பித் திருத்த முடியாது. அதனால் முன்னதாகவே திட்டத்தை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்து வையுங்கள்.

திறக்கும் சன்னலில் ஒரு சிறு வரைபடமும் சில எண்களும் இருக்கும். `Duck amount` எவ்வளவு இறக்குவது என்பது, இயல்பாகவே -12 இருக்கும், அப்படியே விடலாம். `Threshold` எந்த அளவுக்கு மேல் போனால் "பேச்சு" என்று எடுத்துக்கொள்வது என்பது, இயல்பு -30. `Maximum pause` எத்தனை நொடி மௌனம் இருந்தால்தான் இசையை மேலே விடுவது என்பது, இயல்பு 1 நொடி. `Outer fade down length`, `Outer fade up length` இரண்டும் குரல் தொடங்குவதற்கு முன் இறங்கும் நேரமும், குரல் முடிந்த பின் ஏறும் நேரமும். இரண்டுக்கும் இயல்பு அரை நொடி. `Inner` என்று தொடங்கும் இரண்டும் பேச்சின் மேலேயே இறங்குவதற்கும் ஏறுவதற்கும் உரியவை. அவை பூஜ்யமாகவே இருக்கட்டும்.

குரல் தொடங்குவதற்கு *முன்* என்பதைக் கவனித்தீர்களா? பதிவு முழுவதும் கையில் இருப்பதால் ஆடாசிட்டிக்கு எதிர்காலம் தெரியும். வானொலி அறிவிப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே இசையைக் கையால் இறக்குவாரே, அதேபோல் இதுவும் முன்கூட்டியே இறக்கிவைக்கும். இந்த வசதிக்காகவே நான் இதை விரும்புகிறேன்.

என் பதிவில் என்ன நடந்தது

நான் முதலில் எல்லாவற்றையும் இயல்பான எண்களிலேயே விட்டிருந்தேன். சித்தி மகன் கேட்ட பிறகு உட்கார்ந்து அளந்து பார்த்தேன். அளக்க `Analyze > Contrast` என்ற கருவி இருக்கிறது. முன்னர் சொன்ன இருபது டெசிபல் விதியைச் சோதிப்பதற்கென்றே இதை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, கருவியில் `Measure selection` அழுத்தினால் அந்தத் துண்டின் சராசரி அளவைச் சொல்லும்.

வாக்கியங்களின் நடுப்பகுதியில் என் குரல் -19 டெசிபல் வாக்கில் இருந்தது. "உயரவில்லை" என்ற சொல்லில் "-வில்லை" மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தால் -34. யாரும் பேசாத இடத்தில் அறையின் இரைச்சல் -54. அதாவது என் வாக்கிய முடிவு, -30 என்ற எல்லைக்கோட்டுக்குக் கீழே கிடந்திருக்கிறது. கருவியைப் பொறுத்தவரை பேச்சு "உயர"வோடு முடிந்துவிட்டது. அந்த வரிக்குப் பின் நான் ஐந்து நொடி இடைவெளி விட்டிருந்ததால், "சரி, பேச்சு முடிந்தது" என்று முடிவுகட்டி, "உயர"வின் முடிவிலிருந்தே இசையை ஏற்றத் தொடங்கியிருக்கிறது. அதுவும் அரை நொடிக்குள் 12 டெசிபல். "-வில்லை" சொல்ல அரை நொடிதான் ஆகும். ஏணியில் ஏறி முடிக்கும்போது நான் சொல்லி முடித்திருக்கிறேன்.

திருத்தம் இரண்டு எண்களில் இருக்கிறது. முதலாவது `Threshold`. அது உங்கள் மிகத் தணிந்த அசைக்கும் அறை இரைச்சலுக்கும் நடுவில் விழ வேண்டும். எனக்கு அது -34க்கும் -54க்கும் இடையில், ஆகவே -42 வைத்தேன். மூச்சிழுக்கும் ஓசை சில நேரம் இந்த எல்லையைத் தாண்டும். பரவாயில்லை, மூச்சைத் தொடர்ந்து பேச்சு வரத்தானே போகிறது, இசை சற்று முன்னதாக இறங்கினால் நல்லதுதான். ஆனால் மின்விசிறி ஓடும் அறையில் பதிவு செய்து இரைச்சலே -40இல் இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். எல்லையைக் கீழே கொண்டுபோனால் இரைச்சலே பேச்சாகிவிடும், இசை எழவே எழாது. அப்படியானால் முதலில் `Noise Reduction` போட்டு இரைச்சலைத் தணித்துவிட்டு வர வேண்டும், அல்லது விசிறியை அணைத்துவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். இரண்டாவதையே நான் சொல்வேன்.

இரண்டாவது எண் `Outer fade up length`. அதை 2 நொடி ஆக்கினேன். எல்லையைத் தப்பித்துப் போன கடைசி அசை ஏதேனும் இருந்தாலும், அதற்குள் இசை இரண்டு மூன்று டெசிபல்தான் ஏறியிருக்கும். இறங்குவதற்கு 1 நொடி கொடுத்தேன். ஏறுவது இறங்குவதைவிட மெதுவாக இருப்பதுதான் காதுக்கு இயல்பு.

இனி `Maximum pause`. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு நொடி மௌனம் வந்தாலே இசை எழுந்து உட்கார்ந்தால், கேட்பவருக்கு இசை மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். கண்ணாலும் கண்டுபிடிக்கலாம், இசையின் அலைவடிவம் ரம்பப் பல்லாகத் தெரியும். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சேர்ந்து எனக்கு 3 நொடி. அதற்குக் குறைவான எண்ணை நீங்கள் கொடுத்தாலும் கருவி அந்தக் கூட்டுத்தொகையைத்தான் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். நான் 4 வைத்தேன். மூன்றரை நொடி இடைவெளியில் இசை ஏறி உச்சியைத் தொட்டவுடன் இறங்கினால், மேலே வந்ததற்குப் பலனே இல்லை.

இதன் விளைவு ஒன்று பதிவறைக்கே போகிறது. இசை எழ வேண்டிய இடங்களில் ஐந்தாறு நொடி மௌனத்தை நீங்களே விட்டுத்தர வேண்டும். வாசிக்கும்போது விடாவிட்டால் பரவாயில்லை, பிறகு குரல் டிராக்கில் மௌனத்தைச் செருகலாம். என்னுடையதில் மூன்று இடங்கள்: தொடக்கத்தில் குரலுக்கு முன் 6 நொடி, கூலி வரிக்குப் பின் 5 நொடி, கடைசியில் முடியும் வால்.

நடுப்பகுதியில், அதாவது 1:25 முதல் 2:50 வரை, இசையையே எடுத்துவிட்டேன். அங்கே வாருபலகை உப்பில் உராயும் ஓசை மட்டும். "சோர்வு" என்று எழுதிய பகுதிக்கு ஏற்ற இசையைத் தேடித் தேடிக் களைத்த பிறகுதான் இந்த யோசனை வந்தது. நான்கு நிமிடமும் இசை ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது நிமிடத்தில் காது அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. நின்று, மறுபடி வரும்போதுதான் மூன்றாம் பகுதியின் இசைக்கு எடை கிடைத்தது.

கடைசியாகச் சரிபார்ப்பு. `Contrast` கருவியைத் திறந்து, இசை உள்ள பகுதியில் பேச்சு ஓடும் ஒரு பத்து நொடியைக் குரல் டிராக்கில் மட்டும் தேர்ந்தெடுத்து முன்னணி அளவாக அளங்கள். அதே பத்து நொடியை இசை டிராக்கில் தேர்ந்தெடுத்துப் பின்னணி அளவாக அளங்கள். வித்தியாசம் 20ஐத் தொட்டால் `Pass` என்று காட்டும். எனக்கு மூன்றாம் பகுதியில் ஒரு இடத்தில் 17தான் வந்தது. பார்த்தால், மீட்டல் ஒன்று அங்கே பலமாக விழுந்திருக்கிறது. `Auto Duck` எப்போதும் ஒரே அளவுதான் இறக்கும், இசை தானாகப் பொங்கினால் அந்தப் பொங்கலும் சேர்ந்தே மேலே வரும். ஒரே தடிமனில் உள்ள இசையைத் தேர்ந்தெடுங்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். அந்த மீட்டலை மட்டும் தேர்ந்தெடுத்து `Amplify` கருவியில் -4 கொடுத்துச் சரிசெய்தேன்.

ழகரத்துக்கு இடம் விடுவது

இருபது டெசிபல் இருந்தும் சில சொற்கள் மங்கலாகக் கேட்டால், பிரச்சினை அளவில் இல்லை, அலைவரிசையில் இருக்கிறது. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் மேல் அலைவரிசையில் உள்ள குறிப்புகளால். சுமார் 1.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் வயலினோ சிந்தசைசரோ பளபளத்துக்கொண்டிருந்தால் "பழம்" எது "பலம்" எது என்று தெரியாமல் போகும். இசை டிராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து `Effect > EQ and Filters > Filter Curve EQ` போய், அந்தப் பகுதியை ஒரு ஆழமில்லாத பள்ளமாக, 4 டெசிபல் அளவுக்கு, கீழே இழுத்து விடுங்கள். இதை `Auto Duck`க்கு முன்பே, இசையை -24 ஆக்குவதற்கும் முன்பே செய்வது நல்லது. பள்ளம் ஆறேழு டெசிபலைத் தாண்டினால், குரல் இல்லாத இடங்களில் இசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

நிறையக் கோப்புகள் இருந்தால்

வாரம் பத்துப் பதிவு செய்கிறவர்கள் ஒவ்வொன்றாகச் சன்னல் திறந்துகொண்டிருக்க முடியாது. அவர்களுக்கு, கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. குரலும் இசையும் மேலே சொன்ன அளவுகளில் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டவை என்று வைத்துக்கொண்டு:

```
ffmpeg -i kural.wav -i isai.wav -filter_complex \
"[0:a]asplit=2[v][k0];[k0]apad[k];\
[1:a][k]sidechaincompress=threshold=0.015:ratio=4:attack=150:release=2500[d];\
[v][d]amix=inputs=2:duration=longest:normalize=0" kalavai.wav
```

குரலை இரண்டு பிரதி எடுக்கிறோம். ஒன்று கேட்பவருக்கு, மற்றொன்று இசையை அழுத்தும் சாவி. `apad` சாவியின் வாலில் மௌனத்தைச் சேர்க்கிறது, இல்லாவிட்டால் குரல் முடிந்ததும் இசையும் அங்கேயே வெட்டுப்படும். `normalize=0` மறந்தால் `amix` இரண்டையும் தானாகக் குறைத்துவிடும், இந்த வசதி பதிப்பு 4.4இல் வந்தது. `threshold=0.015` என்பது -36.5 டெசிபல். என் குரல் -19இல் இருந்தால் அதற்கு 17 டெசிபல் மேலே நிற்கிறது. 4க்கு 1 என்ற விகிதத்தில் அதில் முக்கால் பங்கு, அதாவது 13 டெசிபல் வாக்கில் இசை இறங்கும்.

ஆனால் இது வேறு சுபாவம் கொண்டது, அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். ஆடாசிட்டி பேச்சு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும். இது பேச்சு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்த்து அந்த அளவுக்கு அழுத்தும். "-வில்லை" -34க்குத் தணியும்போது எல்லைக்கு மேலே இரண்டரை டெசிபல்தான் மிஞ்சும், அழுத்தம் இரண்டு டெசிபலாகச் சுருங்கும். பழைய பிரச்சினை புதிய வாசலில் வந்து நிற்கும். அதைத் தடுப்பது `release` மட்டும்தான். அதன் இயல்பு 250 மில்லிநொடி, அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு வினைமுற்றிலும் இசை எட்டிப் பார்க்கும். 2500 வைத்தால் வாக்கிய நடுவில் அழுத்தியது முடிவு வரைக்கும் பெரும்பாலும் தாங்கும். இதற்கு எதிர்காலமும் தெரியாது, குரல் வந்த பிறகுதான் இறக்கும். அதனால் ஒவ்வொரு பகுதியின் முதல் சொல்லும் கொஞ்சம் நெரிசலில் தொடங்கும். முக்கியமான பதிவு என்றால் நான் ஆடாசிட்டிக்கே திரும்பிவிடுவேன்.

எந்த வழியில் செய்தாலும், ஏற்றுமதி செய்த கோப்பைக் கைப்பேசிக்கு மாற்றி, அதன் ஒலிபெருக்கியிலேயே, சமையலறையில் மிக்ஸி ஓடாத நேரத்தில் ஒரு முறையும் குழாய் திறந்திருக்கும்போது ஒரு முறையும் கேளுங்கள். சின்ன ஒலிபெருக்கியில் தம்புரா மாதிரியான கீழ் ஒலி கிட்டத்தட்ட மறைந்துவிடும், மீட்டலும் மேல் சுரங்களும் மட்டுமே மிஞ்சும். என்னுடைய மூன்றாம் துண்டு கைப்பேசியில் இசையாகவே கேட்கவில்லை, அவ்வப்போது "டிங்" என்று ஏதோ அறிவிப்பு வருவதுபோல் இருந்தது. அதே இழையை ஒரு ஸ்தாயி மேலே வாசித்த இன்னொரு பதிப்பு அதே தொகுப்பில் இருந்தது. அதை அடியில் மெல்லிதாகச் சேர்த்து, இரண்டையும் கலந்து ஒரே டிராக்காக்கி, மறுபடி -24 ஆக்கி, `Auto Duck`ஐ முதலிலிருந்து ஓட்டினேன்.

புதிய கோப்பைச் சித்தி மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "உயரலயாண்ணே? அப்புறம் ஏன் அந்தம்மா அடுத்த வருசமும் போனாங்க?"